சிறுகதைக்கு உதவி: ஆச்சி சொல்லும் "வந்திலாக" நம்பும்படி இருக்கா?

கொட்டான் · ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடி. பகல்ல வங்கிக் கவுண்டர், ராத்திரி கதை. மூணு மாசமா ஒரு சிறுகதையோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன். தேன்மொழின்னு ஒரு மொழியியல் ஆராய்ச்சிப் பொண்ணு ஆத்தங்குடிக்குப் பக்கத்து ஊர்ல ஒரு பெரிய வீட்டுக்குப் பேச்சு பதிவுபண்ண வாறா. அந்த வீட்டு ஆச்சி ஒரு வினைச்சொல் சொல்றாக. அது எந்த இலக்கணத்துலயும் இல்லை. கதை அம்புட்டுதான். நான் மொழியியல் படிச்சவ இல்லை, அந்தச் சொல் நானா உண்டாக்கினது. முக்கியமான இடத்தை மட்டும் போடுறேன்:

> மின்விசிறியை நிறுத்தச் சொல்லியிருந்தாள் தேன்மொழி. வளவில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. எழுபத்தைந்து வயது ஆச்சி தூணில் சாய்ந்து கொட்டான் முடைந்தபடியே பேசினாள்.
>
> "அப்பச்சி ரங்கூன்ல இருந்தாக. தைக்கு வாரேன்னு கடுதாசி போட்டிருந்தாக. ஆத்தா பெட்டகத்தைத் திறந்து அவுக வேட்டியெல்லாம் வெயில்ல போட்டு எடுத்து மடிச்சு வச்சா. அப்பச்சி வந்திலாக."
>
> தேன்மொழியின் பேனா நின்றது. "வரலை" இல்லை, "வரவில்லை"யும் இல்லை.
>
> "ஆச்சி, இப்ப என்ன சொன்னீங்க? வந்திலாகவா?"
>
> "ஆமாத்தா. வரலைன்னா வரலை, முடிஞ்சுபோச்சு. வந்திலாகன்னா இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்னு அர்த்தம்."
>
> அன்று இரவு அறையிலிருந்த இலக்கண நூல்களையெல்லாம் புரட்டினாள். எந்த இலக்கணமும் அதைச் சொல்லவில்லை.

கேள்வி ரெண்டு. இப்படி ஒரு சொல் இருக்க முடியுமா? இருந்தா, இந்தப் பொண்ணு அடுத்து என்ன செய்வா?

புலவர்_பள்ளத்தூர் · ஞாயிறு இரவு 9:50

முப்பத்தோராண்டு தமிழாசிரியனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இதில் புதுமை ஏதுமில்லை. எதிர்மறை இடைநிலைகள் ஆ, அல், இல் எனப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். வந்திலன் என்பதை வா(வ) + த்(ந்) + த் + இல் + அன் என்று பகுத்து எத்தனை மாணவருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கம்பனில் வந்திலன், கண்டிலேன் போன்றவை இயல்பாக வரும். ஆகவே "எந்த இலக்கணமும் அதைச் சொல்லவில்லை" என்ற வரியை நீக்கிவிடுங்கள். மேலும் "வந்திலாக" என்பது பிழை. பலர்பாலுக்கு வந்திலர் என்றே வரவேண்டும். ஆச்சி வாயில் நல்ல தமிழ் இருப்பதாகக் காட்ட விரும்பினால் அதைத் திருத்திப் போடுங்கள்.

ஆத்தங்குடி_ஓடு · ஞாயிறு இரவு 10:05

இந்த ஆச்சி எந்த வீடு? பதிவு யூட்யூப்ல இருக்கா? இப்படிப் பேசுற பெரியவுக இன்னும் இருக்காகன்னா உடனே போய் வீடியோ எடுக்கணும். கேமரா என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை ஃப்ரீ.

கொட்டான் · ஞாயிறு இரவு 10:11

@ஆத்தங்குடி_ஓடு அண்ணே, இது கதை. ஆச்சி, கொட்டான், தேன்மொழி எல்லாம் என் கற்பனை.

@புலவர்_பள்ளத்தூர் ஐயா, பக்குன்னு ஆயிருச்சு. அப்ப கதையே போச்சா?

நாடாப்பெட்டி · ஞாயிறு இரவு 11:34

போகலை. புலவரய்யா சொன்னதுல பாதி சரி, ஆனா அவர் பிழைன்னு தள்ளின பாதியிலதான் உங்க கதையே இருக்கு.

நான் தொண்ணூறுகள்ல நாடாப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் பேச்சு பதிவுபண்ணிக்கிட்டு அலைஞ்சவன். இன்னைக்கு நாம பேசுற எதிர்மறையைக் கவனிச்சுப் பாருங்க. நான் வரலை, நீ வரலை, அவுக வரலை. யார் வரலைங்கிறது அந்த வினையில ஒட்டுறதே இல்லை. நேத்து வரலை, இந்தா இப்ப வரலை, காலமும் ஒட்டாது. வந்திலன்ல ரெண்டும் ஒட்டியிருக்கு: வந்த்-ங்கிற இறந்தகால அடி, கடைசியில ஆள். அந்த அடுக்கு பேச்சுத் தமிழ்ல செத்துப்போச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம். அதனால தேன்மொழி பேனா நிக்கிறது நியாயம்தான்.

இப்ப அந்தக் கடைசித் துண்டு. ஆச்சி "வந்திலர்"னு சொல்லியிருந்தா நான் பதிவை அணைச்சுட்டு, யார்கிட்ட ஆச்சி கம்பராமாயணம் கேட்டீகன்னு விசாரிச்சிருப்பேன். புத்தகத்துலயோ கதாகாலட்சேபத்துலயோ காதுல விழுந்த சொல் அங்க இருந்த வாலோடதான் வரும். -ஆக அப்படி இல்லை. வந்தாக, போனாக, சொன்னாகன்னு ஆச்சி நாள் முழுக்கச் சொல்ற வால் அது. பழைய உடம்புல வீட்டு வாலைத் தானா ஒட்டிப் பேசினா, அந்தச் சொல் அவுக வாயில உயிரோட இருக்குன்னு அர்த்தம். ஐயா பிழைன்னு சிவப்பு மையில சுழிச்ச இடம்தான் ஆதாரம்.

"எந்த இலக்கணமும் சொல்லவில்லை"ங்கிற வரி மட்டும் எனக்கும் பிடிக்கலை, காரணம் வேற. ஒரு ராத்திரியில அது முடியாது. லேமன் 1989-ல எழுதின இலக்கணம் எழுத்துத் தமிழுக்கு. ஷிஃப்மன் 1999-ல எழுதினது பேச்சுத் தமிழ்தான், ஆனா பொதுவா எல்லா ஊருக்கும் புரியிற பேச்சு. ரெண்டு பேருமே செட்டிநாட்டுப் பேச்சை எழுதுறோம்னு சொல்லலை. கிரியர்சனோட பெரிய மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்துக்குள்ள வரவே இல்லை. சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையில வட்டாரப் பேச்சு பத்தி தட்டச்சுல அடிச்ச ஆய்வேடுகள் கிடக்கு, அதையெல்லாம் யார் படிச்சா? "அவள் பார்த்தவற்றில் இல்லை"ன்னு எழுதுங்க. அடுத்த வரியில சிதம்பரத்துக்குப் பஸ் ஏத்துங்க.

சும்மா_வாசகி · திங்கள் காலை 7:20

மொழியியல் எனக்குத் தெரியாது. ஒரு வாசகியா ரெண்டு விஷயம்.

ஒண்ணு, முதல் தடவை படிக்கும்போது "அப்பச்சி வந்தில... ஆக" அப்படின்னு ரெண்டா படிச்சுட்டேன். ஆச்சி ஏதோ காரணம் சொல்ல ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்கன்னு நினைச்சேன்.

ரெண்டாவது, கணக்கு இடிக்குது. ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. தைக்கு வாரேன்னு அப்பா எழுதினதுன்னா அதுக்கு முந்தின மாசங்கள். கதை 2018 வாக்குல நடக்குதுன்னு வைங்க. 75 வயசு ஆச்சி 1943-ல பொறந்திருப்பாங்க. அம்மா வேட்டியை வெயில்ல போட்டதை எப்படிப் பாத்தாங்க? அதோட, செட்டிநாடுன்னா பர்மாவுக்குப் போய் வராத அப்பாதானா? இந்த மாதிரி நாலு கதை படிச்சாச்சு.

நாடாப்பெட்டி · திங்கள் காலை 8:02

@சும்மா_வாசகி முதல் விஷயம் அருமை. இதைத்தான் தேன்மொழி தன்கிட்டத் தானே கேக்கணும். "வந்தில, ஆக நாங்க காரைக்குடிக்கு வந்துட்டோம்"னு ஒரு பேச்சு இருந்திருந்தா அங்க புது வினையும் இல்லை, கதையும் இல்லை. எழுத்துல பாத்தா தெரியாது. பதிவைத் திரும்பக் கேட்டா ரெண்டுக்கும் நடுவுல குரல் இறங்குதான்னு தெரியும். அதுலயும் நம்பிக்கை வரலைன்னா வேற ஆளை வச்சு வாங்கணும். ஒருத்தனைப் பத்திச் சொல்லும்போது "வந்திலான்"னு வந்தா, அந்த ஆக இணைப்புச் சொல் இல்லை, வால்தான்னு முடிஞ்சுபோச்சு. "வந்தில, ஆன்"னு யாரும் பேச மாட்டாக.

வயசுக் கணக்கு மொழிக்கும் முக்கியம். ஆச்சிக்கு 83, 84 வைங்க. 1941-ல ஏழு வயசு. அந்த வயசுல யார் மடியில உக்காந்து பேச்சு கத்துக்கிட்டாகன்னு கேட்டா, அவுக அப்பத்தா, 1880-கள்ல பொறந்தவுக. பழசு ஒண்ணு தங்குறதுக்கு இது தோதான வழி.

கொட்டான் · திங்கள் மதியம் 1:40

சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். வயசு 84 ஆக்கிட்டேன். பர்மா இருக்கட்டும் @சும்மா_வாசகி, எங்க வீட்டுக்கதையே அதுதான், வேற அப்பாவை எங்க போய்த் தேட? 1964-க்கு மாத்தலாமான்னும் யோசிச்சேன். அப்ப கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அம்பது நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னாக. ஆனா அந்த வருசம் வந்தவுக வெறுங்கையோடன்னாலும் கப்பல்ல வந்து சேந்தாக. எனக்கு வராத ஆள் வேணும்.

பாலக்காட்டுப்பக்கம் · திங்கள் மதியம் 2:15

இவ்வளவு சுத்தணுமா? மலையாளத்துல வந்நில்ல, வருந்நில்ல, வரில்ல மூணும் தனித்தனி. வந்நில்லன்னா வரலை, முடிஞ்சுபோச்சு. வருந்நில்லன்னா இப்ப வந்துக்கிட்டில்லை. வரில்லன்னா வரமாட்டான். எங்க வீட்டுல தினம் பேசுறது. ஆச்சி வீட்டுல மலையாளி சமையல்காரர் யாராவது இருந்திருப்பார், அவர்கிட்டேருந்து ஒட்டியிருக்கும். கதைக்கு ஒரு சமையல்காரரைச் சேத்துருங்க, சரியாப் போகும்.

நாடாப்பெட்டி · திங்கள் மாலை 6:30

காலம் ஒட்டுறது மலையாளத்துல இருக்கு, உண்மை. ஆனா அங்க ஆள் ஒட்டாது. ஞான் வந்நில்ல, அவர் வந்நில்ல, வால் மாறாது. அங்கேருந்து கடன் வாங்கியிருந்தா ஆச்சி "அப்பச்சி வந்தில்ல"ன்னு நிறுத்தியிருப்பாக. -ஆக வர வழியில்லை. ஒரே பாட்டன் சொத்து ரெண்டு வீட்டுக்கும் வெவ்வேற பாகமாப் போயிருக்குன்னு வேணா சொல்லலாம்.

ஆனா நீங்க சொன்னதுல ஒரு நல்ல சந்தேகம் இருக்கு. ஒத்தை லவா, ரெட்டை ல்லவா? "வந்திலாக"ன்னா பழைய இல். "வந்தில்லாக"ன்னா இன்னைக்கு நாம சொல்ற இல்லைங்கிறதுல ஆச்சி தானா வால் ஒட்டியிருக்காக. அது பழசு தங்கினது இல்லை, புதுசு முளைச்சது. ரெண்டும் சுவாரசியம்தான், ஆனா வேற வேற கதை. காது இதுல ஏமாத்தும். பதிவை Praat-ங்கிற ஒலி அளக்கிற மென்பொருள்ல போட்டு அந்த ல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அளக்கணும். பக்கத்துலயே ஆச்சி சொன்ன "கல்லாப்பெட்டி"யில ஒரு ல்ல இருக்கும், "பலகாரம்"ல ஒரு ல இருக்கும். ரெண்டையும் அளந்து இது எதுக்குக் கிட்ட நிக்குதுன்னு பாக்கணும். வளவுல பதிவு பண்ணினா இதுவும் கஷ்டம். கல்தூணும் ஓட்டுத் தரையும் குரலை எதிரொலிச்சு எல்லா மெய்யும் நீண்டு கேக்கும். மின்விசிறியை நிறுத்துற பொண்ணு ஆச்சியை அறைக்குள்ள கூட்டிட்டுப் போயி, சட்டைக் கழுத்துல மைக் குத்தியிருப்பா.

என் கதை ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீக. ஒரு பெரியவர் "வந்துயாக, போய்யாக"ன்னு பேசினார். எல்லாரும் வந்துட்டாகன்னு சொல்ற இடத்துல இவர் மட்டும் இப்படி. புது வடிவம் கிடைச்சிருச்சுன்னு ராத்திரி உக்காந்து நாலு பக்கம் எழுதினேன். மூணாம் நாள் பேரன் ஓடிவந்து "ஐயா, பல்செட்டை மறந்துட்டீக"ன்னு கொடுத்தான். மாட்டிக்கிட்டு "மழை வந்துட்டாப்புல இருக்கே"ன்னார். நாலு பக்கமும் போச்சு.

நெல்லைக்காரன் · திங்கள் இரவு 8:44

எங்க ஆச்சி "வாரேம்னு சொன்னாவ, வரவே இல்லெ"ம்பா. அதுல கூட எவ்வளவு ஏக்கம் இருக்கு. சொல்லுல என்ன இருக்கு, சொல்ற குரல்லதான் இருக்கு. உங்க ஊர்ல -ஆக, எங்க ஊர்ல -ஆவ. எங்க ஆச்சி போய் ஆறு வருசமாச்சு, இதைப் படிச்சதும் நினைப்பு வந்துட்டு.

மேலாள்_பேரன் · திங்கள் இரவு 10:20

இழைக்குச் சம்பந்தம் இருக்கான்னு தெரியலை. எங்க ஐயா பர்மாவுல மோல்மீனுக்குப் பெட்டியடிப் பையனாப் போயி மேலாள் ஆனவுக. அவுக வீட்டுக்கு எழுதின கடுதாசி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கு. இதைப் படிச்சதும் எடுத்துப் பாத்தேன். ஒரு கடுதாசியில "உண்டியல் இன்னும் வநதிலலை"ன்னு இருக்கு. புள்ளி எதுவும் வைக்காம எழுதியிருக்காக, சொல்லுக்குச் சொல் இடமும் விடலை. இது நீங்க சொல்ற வகையா?

நாடாப்பெட்டி · திங்கள் இரவு 10:31

ஐயையோ. படம் போட முடியுமா? அந்தச் சொல்லை மட்டும் பெரிசா.

மேலாள்_பேரன் · திங்கள் இரவு 10:58

போட்டிருக்கேன். ஆனா ஒரு சிக்கல். கடுதாசியோட மடிப்பு சரியா அந்தச் சொல்லு மேல போகுது. அங்க ஒரு த இருக்கா ரெண்டு த இருக்கான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு.

புலவர்_பள்ளத்தூர் · செவ்வாய் காலை 6:15

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு தகரம் இருந்தால் "வந்ததில்லை". அது இன்றைக்கும் எல்லோரும் சொல்வது. ஆனால் "உண்டியல் இன்னும் வந்ததில்லை" என்று ஒரு மேலாள் எழுதுவாரா? இன்னும் என்ற சொல்லோடு அது பொருந்தி வரவில்லை. ஒரு தகரம் என்றால் "வந்தில்லை". அது கைப்பிழையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் இரண்டு லகரம் இருக்கிறது, கடைசியில் பால் காட்டும் விகுதி இல்லை. ஆகவே இது வந்திலாகவுக்குச் சான்று ஆகாது.

எனினும் இதைப் பார்த்த பிறகு வேறொன்று தோன்றுகிறது. அந்நாளில் கொண்டுவிற்கப் போனவர்களின் கடிதத்தை வீட்டில் யாராவது உரக்கப் படிப்பார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். "பணம் வந்திலது", "கப்பல் வந்திலது" என்பது போன்ற கடிதத் தமிழ் ஏழு வயதுப் பெண்ணின் காதில் வாரம் தவறாமல் விழுந்திருக்கும். அப்பச்சியைப் பற்றிய செய்தியெல்லாம் அந்தத் தமிழிலேயே வந்தது. அதையே அவள் அப்பச்சியைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? விகுதி வீட்டுப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பு பரம்பரைப் பேச்சிலிருந்து வந்தது என்று அதனால் நிறுவ முடியாது.

நாடாப்பெட்டி · செவ்வாய் காலை 9:10

புலவரய்யாவுக்கு ஒரு கும்பிடு. இதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை. வால் மட்டும் போதாதுன்னு ஒத்துக்கறேன்.

யோசிச்சதுல, தப்பு வினையிலதான் இருக்கு. வா-வை வச்சு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எழுத்துலயும் வந்து, பேச்சுலயும் வந்து. வந்திலாகங்கிறது கடுதாசியிலேருந்து வந்ததா அப்பத்தா மடியிலேருந்து வந்ததான்னு அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. எழுத்துல ஒரு மாதிரி, பேச்சுல வேற மாதிரி இருக்கிற வினை வேணும். செய்து, செஞ்சு. வைத்து, வச்சு. சமைத்து, சமைச்சு. ஆச்சி "வைத்திலேன்"னா கடுதாசித் தமிழ். "வச்சிலேன்"னா அந்த வடிவம் மத்த பேச்சோடயே சேந்து தேஞ்சு, உருண்டு வந்திருக்கு. அடுப்படியில புழங்கின சொல் அது, கடுதாசியில கிடைக்காது. ஒரே ஒரு தடவை "வச்சிலேன்" கிடைச்சாலே நான் மேசையைத் தட்டுவேன். ஆச்சி தானா கடுதாசிச் சொல்லைப் பேச்சாக்கிக்கிட்டாகன்னு அப்பவும் ஒருத்தர் சொல்லலாம். சொல்லட்டும்.

அடுத்து, அந்த விளக்கம். கொட்டான், கோவிச்சுக்காதீக. "வரலைன்னா இது, வந்திலாகன்னா அது"ன்னு ஆச்சி பிரிச்சுச் சொல்ற வரியை வெட்டிருங்க. யாரும் தன் பேச்சுக்குக் கோனார் உரை சொல்ல மாட்டாக. நேரா "வந்திலாகன்னு சொன்னீகளே"ன்னு கேட்டா ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும். ஒண்ணு, வெக்கப்பட்டு "அது பட்டிக்காட்டுப் பேச்சு, நீ வரலைன்னே எழுதிக்க"ம்பாக. அதுக்கப்புறம் உங்க முன்னாடி அந்தச் சொல்லை விடவே மாட்டாக. இல்லைன்னா, படிச்ச பொண்ணு ஆசைப்படுதேன்னு வாக்கியத்துக்கு ஒண்ணு விடுவாக. அது இன்னும் மோசம். அந்த ஒரு கேள்வியில உங்க பதிவு முழுக்கக் கெட்டுப்போகும்.

கொட்டான் · செவ்வாய் மதியம் 1:30

கோவமே இல்லை. ஆனா அந்த வரிதானே கதையில எல்லாருக்கும் பிடிச்ச வரி? அதை எடுத்துட்டா அர்த்தம் எப்படி வாசகருக்குப் போய்ச் சேரும்? தேன்மொழிக்கே எப்படித் தெரியும்?

நாடாப்பெட்டி · செவ்வாய் இரவு 9:25

அவ சொல்லைக் கேக்கக் கூடாது, சந்தர்ப்பத்தைக் கேக்கணும். "ஆச்சி, கல்யாண வீடு. மாப்பிள்ளையோட மாமா வாரேன்னு சொல்லியிருக்காக. முத பந்தி முடிஞ்சிருச்சு, இன்னும் ஆளைக் காணோம். வாசல்ல நிக்கிற உங்ககிட்ட ஒருத்தர் கேக்குறாக, என்ன சொல்வீக?" அப்புறம் அதே கல்யாணம், மூணு மாசம் கழிச்சு. "அந்த மாமா கல்யாணத்துக்கு வந்தாகளா?" முதல் கேள்விக்கு வந்திலாகன்னும் ரெண்டாவதுக்கு வரலைன்னும் வந்தா, எங்க எது விழுதுன்னு ஒரு நூல் கிடைக்குது. இன்னும் வரவேண்டிய ஆளுக்கு ஒண்ணு, கதவைச் சாத்தின பிறகு ஒண்ணு. நாமெல்லாம் அதுக்கு "இன்னும் வரலை"ன்னு ஒரு இன்னும் சேக்குறோம். ஆச்சிக்கு அந்த இன்னும் வினைக்குள்ளயே இருக்குது போல.

மேலாள் பேரன் கடுதாசியிலயும் அந்தச் சொல்லுக்கு முன்னாடி "இன்னும்" இருக்கு, கவனிச்சீகளா? நான் எதுவும் சொல்லலை. மடிப்பு மடிப்புதான்.

பிறகு ரெண்டாவது ஆள். அதே வீட்டு ஆள் ஆகாது. ஆச்சி வேற ஊர்லேருந்து கட்டிக்கிட்டு வந்தவுகளா இருக்கலாம், அதனால ஆச்சி பேச்சு இந்த ஊர்ப் பேச்சா, பொறந்த ஊர்ப் பேச்சான்னே தெரியாது. ஆச்சி பொறந்த ஊர்ல அவுக சோட்டு ஆள் ஒருத்தர், இந்த ஊர்ல அந்த வீட்டுல வேலை பாத்த, வேற சாதியைச் சேந்த ஒரு பெரியவுக. ரெண்டு இடத்துலயும் கிடைக்கலைன்னா அது ஆச்சியோட சொந்தச் சொல். அப்பவும் குறிச்சு வைக்கலாம், ஆனா "செட்டிநாட்டு வழக்கு"ன்னு தலைப்பு போட முடியாது.

இதையெல்லாம் கதையில எழுதச் சொல்லலை. அவ இதைச் செய்றான்னு உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்.

சும்மா_வாசகி · செவ்வாய் இரவு 9:58

அப்ப எனக்கு ஒரு கேள்வி. ஆச்சி அப்பச்சியைப் பத்தி மட்டும்தான் வந்திலாகன்னு சொன்னா? மத்ததுக்கெல்லாம் வரலைன்னா?

நாடாப்பெட்டி · செவ்வாய் இரவு 10:06

அப்ப தேன்மொழிக்குத் தூக்கம் வராது. அது வினை வடிவமே இல்லாம, அந்த வீட்டுல ஒரு துக்கத்துக்குன்னு உறைஞ்சுபோன ஒரு சொல்லா இருக்கலாம். ஒப்பாரியில வந்த அடியா இருக்கலாம். ஒப்பாரியில பழைய வடிவம் அப்படியே தங்கும், பேச்சுல அதை வேற எதுக்கும் பயன்படுத்த மாட்டாக. அற்பமான ஒரு விசயத்துக்கு, சும்மா போற போக்குல ஆச்சி அதைச் சொல்லணும். பஸ்ஸு, கரண்டு, கேஸ் சிலிண்டர், எதுவா இருந்தாலும் சரி.

ஆத்தங்குடி_ஓடு · புதன் காலை 7:45

எங்க தெருவுல ஒரு ஆச்சிகிட்டப் போயி "வந்திலாகன்னு சொல்வீகளா ஆச்சி"ன்னு கேட்டேன். "ஆமாப்பா, சொல்வோமே"ன்னாக. வீடியோ எடுத்திருக்கேன், ராத்திரி ஏத்துறேன்.

நாடாப்பெட்டி · புதன் காலை 7:52

தம்பி...

புலவர்_பள்ளத்தூர் · புதன் காலை 8:10

சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆயிற்று. தம்பி, அதே ஆச்சியிடம் போய் "வந்துகிலாக என்று சொல்வீர்களா" என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஆத்தங்குடி_ஓடு · புதன் மாலை 5:40

கேட்டேன். அதுக்கும் ஆமான்னாக. சரி, வீடியோவை அழிச்சுட்டேன்.

கொட்டான் · சனி இரவு 11:15

நாலு நாள் எழுதினேன். அந்த விளக்க வரியை வெட்டிட்டேன், வயிறு எரிஞ்சுச்சு. சிதம்பரம் பஸ் ஒரு பத்தியில வருது. கல்யாண மாமா கேள்வியையும் வச்சுப் பாத்தேன். ஆச்சி அதுக்கு "எந்தக் கல்யாணம்? யாரு மாமா?"ன்னு கேக்குறதாத்தான் எனக்கு எழுத வந்துச்சு, அதனால அது அங்கயே முறிஞ்சுபோச்சு. முடிவு இப்படி வந்திருக்கு:

> ஆறு மணி நேரப் பதிவு. அப்பச்சியைப் பற்றிப் பேசிய இடங்களில் நான்கு தடவை வந்திலாக. மழைக்கும் பேத்திக்கும் மருத்துவருக்கும் வரலை. நான்கே நான்கு, அதுவும் ஒரே மனிதருக்கு. தேன்மொழி கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். முகப்புக்கு வந்து ஒரு செருப்பை மாட்டிக்கொண்டாள்.
>
> "காப்பி குடிச்சுட்டுப் போ ஆத்தா."
>
> "இல்லை ஆச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."
>
> "செத்த இரு. பால்காரன் வந்திலான், அதான் காப்பி வச்சிலேன்."
>
> இன்னொரு செருப்பு கையிலேயே இருந்தது. பையைத் திறந்தால் ஆச்சி பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள். தேன்மொழி காலையில் வந்த பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கம் நேரத்தையும் இரண்டு சொற்களையும் குறித்துக்கொண்டாள். பிறகு மாட்டியிருந்த செருப்பையும் கழற்றினாள்.
>
> தெருவில் சைக்கிள் மணி கேட்டது.
>
> "இந்தா வந்துட்டான்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆச்சி இறங்கினாள்.

நாடாப்பெட்டி · சனி இரவு 11:40

மேசையைத் தட்டிட்டேன், வீட்டுல எல்லாரும் எழுந்துட்டாக.

ஒரே ஒரு குறை. பதிவில்லாத ஒரு சொல்லை பஸ் டிக்கெட்டை நம்பி யாரும் அச்சுல ஏத்த மாட்டாக. அவ திரும்ப வரணும். வருவாளான்னு நீங்க சொல்லலை, அது உங்க இஷ்டம்.

புலவர்_பள்ளத்தூர் · ஞாயிறு காலை 6:05

"வச்சிலேன்" என்பதைப் படித்ததும் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. இருக்கட்டும், திருத்த வேண்டாம். கடிதத்திலிருந்து வந்தது என்ற என் கருத்தை இதனால் முழுவதும் விட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். அந்த டிரங்குப் பெட்டியில் இன்னும் படிக்காத கடிதங்கள் இருக்கின்றன. @மேலாள்_பேரன், மற்றவற்றிலும் மடிப்பில்லாத இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

மேலாள்_பேரன் · ஞாயிறு காலை 9:30

இருநூறுக்கு மேல இருக்கும் ஐயா. புள்ளி இல்லாம படிக்க எனக்கு ஒரு கடுதாசிக்கு ஒரு மணி நேரம் ஆகுது. நீங்க பள்ளத்தூர்தானே, நான் கோட்டையூர். அடுத்த ஞாயித்துக்கிழமை பெட்டியோட வரட்டுமா?

சும்மா_வாசகி · ஞாயிறு காலை 10:02

முடிவு பிடிச்சிருக்கு. ஆனா சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புற நேரத்துல பால்காரனா? காலையில இல்ல வருவாரு?

கொட்டான் · ஞாயிறு காலை 10:20

எங்க தெருவுல ரெண்டு வேளையும் வருவாரு. சாயங்காலம் அஞ்சுக்கு, அதுவும் பிந்தித்தான்.